வருகைத் தாளில் தனி ஆட்களை எண்ணுவது எப்படி?

மதுரையில் எங்கள் தெருவில் சனிக்கிழமைதோறும் வாசகர் கூட்டம் நடக்கிறது. வாசலில் ஒருவர் நின்று, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணுகிறார். போன மாதம் 42, 38, 51, 45, மொத்தம் 176. இதுவரை சரி. இடம் தருபவரோ, ஒருவர் எத்தனை வாரம் வந்தாலும் ஒரே ஆளாக எண்ணி, மாதத்தில் எத்தனை தனி ஆட்கள் வந்தார்கள் என்று கேட்கிறார்.

பெயர் எழுத நோட்டு வைத்தோம். வரிசை நீண்டது, பாதிப் பேர் எழுதாமலே போய்விட்டார்கள். அப்புறம் தாளில் ‘இந்த மாதம் முதல் முறை’ என்று தனிக் கட்டம் போட்டோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை 42 பேருக்கும் அதில் கோடு விழுந்திருக்க வேண்டும். விழுந்தது 9. “நான் எப்பவும் வர்றவன்தானே” என்கிறார்கள் பழைய ஆட்கள்.

பெயர் வாங்காமல், வாசலில் என்ன கேட்டால் இந்தக் கட்டம் சரியாக நிரம்பும்?