வாட்ஸ்அப் பேக்கப் கடவுச்சொல் மறந்துவிட்டது: பழைய உரையாடல்களை மீட்க வழி உண்டா?

அவிநாசி_ரோடு:
திருப்பூரில் சிறிய தையல் யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள் ரேட்டை உறுதி செய்வதும், அளவு மாற்றங்களைச் சொல்வதும், டெலிவரி சலானைப் படமெடுத்து அனுப்புவதும் வாட்ஸ்அப்பில்தான் என்பதால், பாக்கி வசூலுக்கு என் கையில் இருக்கும் ஆதாரம் அந்த உரையாடல்கள் மட்டுமே. சென்ற வாரம் போன் கீழே விழுந்து திரை முழுவதும் கறுத்துவிட்டது. புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கி அதே எண்ணில் வாட்ஸ்அப்பைத் தொடங்கினேன். கூகுள் டிரைவில் பேக்கப் இருப்பதாகக் காட்டுகிறது. மீட்கச் சொன்னால் கடவுச்சொல் கேட்கிறது. அதை அமைத்துக் கொடுத்தவன் என் அக்கா மகன். அவனுக்கும் இப்போது நினைவில்லை. எனக்குத் தெரிந்த ஆறு இலக்க எண்ணைப் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. சிம், ஜிமெயில் இரண்டும் என் பெயரில்தான் இருக்கின்றன. நான்தான் உரிமையாளர் என்று நிரூபித்தால் நிறுவனம் திறந்து கொடுக்குமா?

மணியகாரர்:
கவலைப்படாதீர்கள் ஐயா. எனக்கும் இதேபோல் எண் மறந்துபோனது. மின்னஞ்சலுக்கு வந்த இணைப்பை அழுத்திப் புதிய எண் வைத்துக்கொண்டேன். மின்னஞ்சல் கொடுத்திருக்காவிட்டாலும் ஏழு நாள் காத்திருந்தால் தானாகவே விட்டுவிடும். அதுவும் ஆகாவிட்டால், பழைய போனின் மெமரியில் இருக்கும் பேக்கப் கோப்பைக் கணினிக்கு எடுத்து, கடவுச்சொல்லை ஊகித்துத் திறக்கும் மென்பொருளில் போட்டுவிடலாம்.

கிண்டி_லைன்:
மணியகாரர் சொல்வது இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணைப் பற்றியது. அதற்கு மின்னஞ்சலும் ஏழு நாள் காத்திருப்பும் பொருந்தும் என்பது சரி. ஆனால் அவிநாசி ரோடு ஐயாவிடம் கேட்கப்படுவது பேக்கப் கடவுச்சொல். அது வேறு பூட்டு. அதில் ஓர் எழுத்தாவது இருக்க வேண்டும் என்று அமைக்கும்போதே நிபந்தனை உண்டு. ஆகவே வெறும் ஆறு இலக்கங்கள் ஒருபோதும் விடையாக இருக்க முடியாது. தயவுசெய்து இனி ஊகித்து எதையும் போடாதீர்கள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 2021இல் வந்த இந்த ஏற்பாட்டில், பேக்கப்பைப் பூட்டுவது நீங்கள் வைக்கும் கடவுச்சொல் அல்ல. உங்கள் போன் தானாக உருவாக்கும் நீளமான சாவி. அந்தச் சாவி நிறுவனத்தின் சர்வரில், அதன் ஊழியர்களும் பார்க்க முடியாத தனிப் பெட்டகத்தில் இருக்கிறது. கடவுச்சொல் அந்தப் பெட்டகத்தை மட்டும் திறக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறாகப் போட்டால் பெட்டகம் அந்தச் சாவியை நிரந்தரமாகத் தராமல் போய்விடும். அதன் பிறகு கடவுச்சொல் நினைவுக்கு வந்தாலும் பயனில்லை. ஓடிபி, ஆதார், கடை ரசீது என எதைக் காட்டினாலும் திறந்து கொடுக்க அவர்களிடம் வேறு சாவி கிடையாது. கணினியில் ஊகிக்கும் மென்பொருளும் இதே காரணத்தால் உதவாது. கோப்பு உங்களிடம் இருந்தாலும் அதன் சாவி பெட்டகத்தில்தானே இருக்கிறது? போன் மெமரியில் இருக்கும் `msgstore.db.crypt15` கோப்பும் அதே சாவியால் பூட்டப்பட்டதுதான்.

எனவே பேக்கப்பை மறந்துவிட்டுப் பழைய போனைப் பாருங்கள். அதில் சார்ஜ் ஏறுகிறதா? அழைத்தால் அதிர்கிறதா? புதிய போனில் மீட்காமலேயே தாண்டிச் சென்றுவிட்டீர்களா?

அவிநாசி_ரோடு:
சார்ஜ் ஏறுகிறது, அலாரம் அடிக்கிறது, திரைதான் இல்லை. வேலை நிற்கக் கூடாது என்பதற்காகப் புதிய போனில் தாண்டிச் சென்றுவிட்டேன். நான்கு நாட்களாக அதில்தான் பேசி வருகிறேன்.

கிண்டி_லைன்:
அப்படியானால் முதல் வேலையாகப் புதிய போனில் பேக்கப்பைத் தானாக எடுக்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த நான்கு நாள் உரையாடல் டிரைவில் இருக்கும் பழைய பேக்கப்பின் இடத்தைப் பிடித்துவிடும். அக்கா மகனுக்குப் பின்னர் கடவுச்சொல் நினைவுக்கு வந்தாலும் திறப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அடுத்து, பழைய போனுக்குத் திரை மாற்றுங்கள். உரையாடல்கள் போர்டில் இருக்கும் நினைவகத்தில் இருப்பவை. திரை மாற்றுவதால் அவை போகாது. ஆனால் போர்டை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது என்று கடையில் தெளிவாகச் சொல்லி, முடிந்தால் எதிரிலேயே உட்கார்ந்து செய்து வாங்குங்கள். புதிய போனில் அதே எண்ணைப் பதிந்ததால் பழையதில் வாட்ஸ்அப் வெளியேறியிருக்கும். வெளியேறியிருந்தாலும் உள்ளே இருக்கும் உரையாடல்கள் அழிவதில்லை. செயலியை நீக்காமல், அதே எண்ணை மறுபடியும் பதியுங்கள். ஓடிபி புதிய போனுக்கு வந்தாலும் அதைப் பார்த்து இதில் போடலாம். உரையாடல்கள் திறந்ததும் இந்தப் பாதையில் செல்லுங்கள்:

```
Settings > Chats > Chat backup >
End-to-end encrypted backup >
Change password > I forgot my password
```

இங்கே பழைய கடவுச்சொல் கேட்கப்படாது. கைரேகையோ திரைப் பூட்டின் எண்ணோ போதும், ஏனென்றால் உரையாடல்கள் ஏற்கெனவே திறந்த நிலையில் அந்தப் போனில் இருக்கின்றன. புதிய கடவுச்சொல் வைத்து, உடனே ஒரு பேக்கப் எடுத்து, அதைப் புதிய போனில் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் புதிய போனில் இப்போது இருக்கும் நான்கு நாள் உரையாடலும் பழையதும் ஒன்றாகச் சேராது. வேண்டியவற்றை முன்னதாக `Export chat` மூலம் தனியே எடுத்து வையுங்கள்.

தஞ்சை_வாணி:
மன்னிக்கவும், இவ்வளவு கடினம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஐபோன் வைத்திருக்கிறேன். எனக்கும் பேக்கப் கடவுச்சொல் மறந்தது. புதிய ஐபோனில் ஐகிளவுடிலிருந்து போன் முழுவதையும் மீட்டபோது வாட்ஸ்அப் உரையாடல்களும் வந்துவிட்டன. எந்தக் கடவுச்சொல்லும் கேட்கவில்லை.

கிண்டி_லைன்:
சகோதரி, உங்களுக்கு வந்தது வாட்ஸ்அப் எடுத்த பேக்கப் அல்ல. போன் முழுவதற்குமாக ஐகிளவுடு எடுத்தது. அது இயங்கிக்கொண்டிருந்தால், இந்தக் கடவுச்சொல்லால் பூட்டப்படாத பிரதி ஒன்று அதனுடன் போகிறது. பூட்டியது மட்டுமே இருக்க வேண்டுமென்றால் ஐபோனின் ஐகிளவுடு பேக்கப்பை நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப்பே அறிவுறுத்துகிறது. மறந்தவருக்கு அது நல்வாய்ப்பு. ஆனால் யாரும் படிக்கக் கூடாது என்று நினைத்துக் கடவுச்சொல் வைத்தவருக்கு அது திறந்து கிடக்கும் பின்வாசல். ஆண்ட்ராய்டில் இருக்கும் அவருக்கு இந்த வழி இல்லை.

காரைக்குடி_செல்வம்:
இதே இழையில் என் சிக்கலையும் கேட்டுவிடுகிறேன். நான் கடவுச்சொல் வைக்காமல் 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்து, டைரியில் கையால் எழுதி வைத்திருந்தேன். போன் நீரில் விழுந்து செத்துவிட்டது. அதன் `Databases` கோப்புறையை மட்டும் முன்பே கணினியில் நகலெடுத்திருந்தேன். இப்போது சாவியைப் போட்டால் தவறு என்கிறது. டைரியில் சில இடங்களில் சுழியமா ஆங்கில ‘ஓ’வா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

கிண்டி_லைன்:
‘ஓ’ என்ற சந்தேகமே வேண்டாம். அந்தச் சாவியில் 0 முதல் 9 வரையும் a முதல் f வரையும் மட்டுமே வரும். எனவே அது சுழியம்தான். `l` போலத் தெரிவது 1 என்ற எண்தான். 6க்கும் b-க்கும், c-க்கும் e-க்கும் இடையில்தான் கையெழுத்து ஏமாற்றும். முதலில் மொத்த எண்ணிக்கையை எண்ணுங்கள்.

காரைக்குடி_செல்வம்:
மூன்று முறை எண்ணினேன். 63தான் இருக்கிறது.

கிண்டி_லைன்:
அது நல்ல செய்தி. ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்றால், அது விழக்கூடிய இடங்கள் 64, ஒவ்வோர் இடத்திலும் வரக்கூடியவை 16. ஆக அதிகபட்சம் 1024 சாவிகள்தான். உங்கள் நிலைமை அவிநாசி ரோடு ஐயாவுடையதிலிருந்து வேறுபடுவது இங்கேதான். 64 இலக்கச் சாவி பெட்டகத்துக்குப் போவதில்லை. அது உங்களிடம் மட்டுமே இருப்பதால், கணினியில் இருக்கும் கோப்பின் மீது எத்தனை முறை முயன்றாலும் தடுக்க யாரும் இல்லை. `wa-crypt-tools` என்ற திறமூலக் கருவி இருக்கிறது. கோப்பின் ஒரு பிரதியில் முயலுங்கள்:

```
wadecrypt <சாவி> msgstore.db.crypt15 msgstore.db
```

சாவி தவறென்றால் பிழை காட்டும். 1024ஐயும் வரிசையாகக் கொடுக்கச் சிறிய ஸ்கிரிப்ட் போதும். எழுதும்போது இரட்டை எழுத்தில் ஒன்றை விடுவதுதான் வழக்கம் என்பதால், டைரியில் இருக்கும் ஒவ்வோர் எழுத்தையும் இரட்டிப்பாக்கி முதலில் பாருங்கள். ஆனால் எழுத்து விடுபட்டதோடு வேறோர் எழுத்தும் தவறாக இருந்தால் எண்ணிக்கை பல லட்சமாகிவிடும். அதையும் கணினி செய்யும், நேரம்தான் எடுக்கும்.

அவிநாசி_ரோடு:
திரை மாற்றியாயிற்று. கடைக்காரர் முதலில் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்றார்; வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். வாட்ஸ்அப் வெளியேறியிருந்தது, எண்ணைப் பதிந்ததும் உரையாடல்கள் அப்படியே திறந்தன. நீங்கள் சொன்ன இடத்தில் கைரேகை வைத்ததும் புதிய கடவுச்சொல் அமைக்க விட்டது. பேக்கப் எடுத்துப் புதிய போனில் மீட்டேன். 2023இல் ஒரு பார்ட்டி அனுப்பிய ரேட் உறுதிப் பதிவு வரை வந்துவிட்டது. இடையில் பேசிய நான்கு நாள் தனிக் கோப்பாக இருக்கிறது. இப்போது கடவுச்சொல்லுக்குப் பதிலாக, கைரேகையாலோ திரைப் பூட்டாலோ திறக்கும் பாஸ்கீ வைக்கலாம் என்று ஒரு தேர்வு காட்டுகிறதே, மாறலாமா?

மணியகாரர்:
தாராளமாக மாறுங்கள். மறப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

கிண்டி_லைன்:
மறப்பதற்கு இல்லைதான், இழப்பதற்கு உண்டு. ஆண்ட்ராய்டில் பாஸ்கீ பெரும்பாலும் கூகுள் கணக்கோடு சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கு யாருடைய பெயரில், யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாறுங்கள். உங்கள் போனை அக்கா மகன் அமைத்தார் என்றீர்கள். அந்த ஜிமெயிலின் மீட்பு எண்ணாக அவருடைய எண் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அவிநாசி_ரோடு:
பார்த்தேன். அவன் எண்தான் இருக்கிறது.

காரைக்குடி_செல்வம்:
இரட்டிப்பாக்கிப் பார்த்த 63இலும் திறக்கவில்லை. மீதியை இன்றிரவு ஓட விடுகிறேன். டைரியின் மூன்றாவது வரியில் ஓர் எழுத்து 6 போலவும் b போலவும் இருக்கிறது. இரண்டு விதமாகவும் வைத்து ஓட்டினால் அதிகபட்சம் 2048 வரும், அவ்வளவுதானே?

கிண்டி_லைன்:
அவ்வளவுதான். திறந்தால் வந்து எழுதுங்கள்.