மழை விட்டு மூன்று நாளாகியும் குழி வற்றவில்லை

பெரம்பூர் கொத்தனார்: அந்த மழைநீர் சேமிப்புக் குழி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்குது. அரை கிரவுண்டு வீடு, 600 சதுர அடி மொட்டைமாடி. மூடியைத் தூக்கினால் விளிம்பு வரைக்கும் தண்ணீர், மேலே வேப்பிலை மிதக்குது. 3 அடி விட்டத்தில் வட்டக் குழி, 8 அடி ஆழம், அடியிலிருந்து ஜல்லி கொட்டி நிரப்பியிருக்காங்க. அள்ளிப் பார்த்தால் அடியில் கறுப்புக் களிமண், உள்ளங்கையில் உருண்டையாகப் பிடிக்குது. 3 செ.மீ. மழைக்கே அந்த மாடியிலிருந்து சுமார் 1,650 லிட்டர் இறங்கும். வெறும் குழி 1,600 லிட்டர் பிடிக்கும். ஜல்லி போட்டதால் 650 லிட்டருக்குத்தான் இடம். மிச்சமெல்லாம் தெருவுக்குத்தான்.

திருவொற்றியூர் வாசி: இதுக்கு ஃபில்டரே வேண்டாம்ங்க. எங்க பக்கம் மணல், ஊற்றினதும் உறிஞ்சிடும்.

போர்வெல் மேஸ்திரி: மணல் உறிஞ்சும், சரிதான். ஆனால் மாடித் தூசி படியப் படிய அந்த மணலும் அடைச்சுக்கும். கடலோரத்தில் ஆழமாகத் தோண்டவும் கூடாது. மழைக்காலத்தில் ஊற்றுத்தண்ணீர் மேலே ஏறிடும், அப்புறம் குழிக்குள் எது இறங்கும்?

பெரம்பூர் குழிக்கு வழி வேற. ஜல்லியை எடுத்துட்டு சிமென்ட் உறை இறக்குங்க. குழி நடுவில் கைபோர் போட்டுக் களிமண்ணைத் தாண்டி மணல் வரும்வரை போங்க. 4 அங்குல பிவிசி குழாயில் மணல் வரும் பகுதிக்கு மட்டும் துளை போடணும். குழாயின் வாய் குழித்தரையிலிருந்து ஒரு அடி உயர்ந்து நிற்கணும், வலையும் கட்டணும். இல்லாட்டி சேறு நேராகக் குழாய்க்குள் போய் ஒரே மழையில் அடைச்சிடும், அதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

ஃபில்டரைக் குழிக்கு வெளியே 2 அடி சதுரத் தொட்டியாகக் கட்டுங்க. அடியில் அரை அடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே அரை அடிக்கு முக்கால் அங்குல ஜல்லி, நைலான் வலை, அதன்மேல் அரை அடி கழுவின பெருமணல். வலை போடாமல் விட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கிடும். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு கடப்பாக் கல் வைங்க, மணல் பள்ளமாகாது. தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து தெருவுக்கு ஒரு வழிகுழாய் கட்டாயம். புரட்டாசியிலேயே மேல்மணலை இரண்டு அங்குலம் சுரண்டி மாற்றிடுங்க.

கொளத்தூர் அக்கா: அப்போ இந்தத் தண்ணீரைச் சம்புக்கு விட்டுக் குடிக்கலாமா தம்பி?

போர்வெல் மேஸ்திரி: இது பூமிக்கு விடுறதுக்கான ஃபில்டர், அக்கா. கிருமியைப் பிடிக்காது. சம்புக்கு விட்டால் துவைக்க, கழுவ வெச்சுக்கலாம். முதல் மழையை மட்டும் மாடிக்குழாயின் அடிமூடியைத் திறந்து வெளியே விட்டுடுங்க.

பெரம்பூர் கொத்தனார்: துளை போட்ட குழாயில் தேங்காய் நார்க் கயிறு சுற்றச் சொல்றாங்களே?

போர்வெல் மேஸ்திரி: நார் மக்கிடும். நான் வலைதான் சுற்றுவேன்.

பெரம்பூர் கொத்தனார்: வலையில் களி ஒட்டிக்காதா மேஸ்திரி? நார் சுற்றின குழாய் பத்து வருஷமாக ஓடுறதையும் பார்த்திருக்கேன்.