புது ரீஏஜென்ட் லாட்டுக்கு நார்மல் சராசரி எடுப்பது பற்றி உதவி தேவை

வணக்கம். சின்ன லேப், செமி ஆட்டோ கோயாகுலோமீட்டர். பழைய திராம்போபிளாஸ்டின் தீரப்போவதால் புது லாட் போட்டோம். பழையதில் ஐ.எஸ்.ஐ 1.05, புதியதில் 1.31. மெஷினில் அதை மட்டும் மாற்றினேன்.

வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடும் ஒருவரின் பிளாஸ்மாவை இரண்டு லாட்டிலும் ஓட்டினேன். 37 டிகிரியில் 0.1 மி.லி. பிளாஸ்மா, மேலே 0.2 மி.லி. ரீஏஜென்ட், வழக்கம்போல. பழையதில் 28.8 வினாடி, ஐ.என்.ஆர் 2.5. புதியதில் 26 வினாடிதான், ஆனால் ஐ.என்.ஆர் 2.75! நேரம் குறைந்து ஐ.என்.ஆர் ஏறியதும் பயந்துவிட்டேன்.

```
INR = (PT / MNPT)^ISI
```

அப்புறம்தான் உறைத்தது, நார்மல் சராசரி பழைய 12 வினாடியிலேயே நின்றிருக்கிறது. கிட் கன்ட்ரோலை வைத்து 13 என்று போட்டால் 2 மடங்கு, அதற்கு 1.31 அடுக்கு, கிட்டத்தட்ட 2.5. சரியாக வருகிறது. ஆனால் கன்ட்ரோல் ஒன்றை நம்பி சராசரி வைப்பது முறையில்லை. ஆரோக்கியமான 20 பேராவது வேண்டும், அதுவும் பெருக்கல் சராசரி.

எங்கள் ஊழியர்களில் மாத்திரை எதுவும் சாப்பிடாதவர்கள் 9 பேர்தான். மீதிக்கு ரத்ததானம் செய்ய வருபவர்களிடம், பையிலிருந்து எடுக்காமல், தனியாக 3.2% சிட்ரேட் டியூபில் எடுக்கலாமா? மூன்று நாளாகப் பிரித்து, அன்றன்றைக்கே ஓட்டினால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை பழைய லாட்டில் மிச்சமிருக்கும் இரண்டு வயலை வைத்து ஓட்டுகிறேன்.