“நல்லதையே நினை” என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கயல்: எனக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடந்துகொண்டிருக்கிறது. அழுதால் நோய் கூடிவிடும், நல்லதையே நினை என்று சித்தி தினமும் சொல்கிறார். அவர் மனம் நோகாமல் என்ன பதில் சொல்லலாம்?

மாறன்: சித்தி சொல்வதில் உண்மை இருக்கிறது. 1989-இல் ஸ்டான்போர்டின் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட ஆய்வில், பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுடன் வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசிய பெண்கள், கூடாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காலம் வாழ்ந்தார்கள். மனத்துக்கு அவ்வளவு வலிமை இருக்கும்போது அவரை ஏன் தடுக்க வேண்டும்?

செந்தில்: எனக்கு வேலை போனபோது “எல்லாம் நன்மைக்கே” என்ற நண்பர்களின் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கயல்: மூன்று வேளையும் எனக்குச் சமைத்துத் தருபவர் அவர்தான், அண்ணா. அவரை என்னால் விலக்க முடியாது.

பொன்னி: புற்றுநோயாளிகளுக்கு மனநல ஆலோசனை வழங்குவது என் பணி. மாறன், அந்தக் குழுக்களில் யாரும் மகிழ்ச்சியாக நினைக்கும்படி சொல்லவில்லை. சாவைப் பற்றிய அச்சத்தையும், உடன் இருந்தவர் இறந்த துயரத்தையும் அந்தப் பெண்கள் மறைக்காமல் பேசினார்கள். அதே முறையைக் கனடாவில் இன்னும் அதிகமான பெண்களிடம் பின்பற்றி 2001-இல் வெளியிட்ட ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் மன வேதனையும் வலியும் குறைந்தன. ஆகவே கயல், உங்கள் அழுகை நோயை வளர்க்கிறது என்ற பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. எதைச் சொன்னாலும் “அப்படி நினைக்காதே” என்று கேட்டுக் கேட்டு, சிலர் மருத்துவரிடமும் நன்றாக இருப்பதாகவே சொல்லப் பழகிவிடுகிறார்கள். கீமோ காலத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சலே அவசர நிலை. அதைச் சொல்லாமல் ஓர் இரவு பொறுத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து.

சித்தி பயத்தில்தான் அப்படிப் பேசுகிறார். அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள். “சித்தி, எனக்காக நீங்கள் தவிப்பது தெரிகிறது. நான் அழும்போது பதில் எதுவும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அடுத்த கீமோவுக்கு என்னுடன் வாருங்கள்” என்று, அழுகை இல்லாத ஒரு நேரத்தில் சொல்லிப் பாருங்கள். மறுபடி அறிவுரை தொடங்கினால், “இப்போது கேட்டால் மட்டும் போதும், சித்தி” என்ற ஒரே வரியைக் கோபமில்லாமல் திரும்பச் சொல்லுங்கள். ஒரே நாளில் அவர் மாறிவிட மாட்டார்.

மாறன்: குழுவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முற்றிலும் நம்பிக்கை இழந்தவர்களுக்கு நோய் திரும்பவோ இறக்கவோ வாய்ப்பு அதிகம் என்றும் ஆய்வு உண்டே?

பொன்னி: உண்டு, 1999-இல் இங்கிலாந்தில் வந்தது. அதே ஆய்வில் போராடும் மனப்பான்மை ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. நம்பிக்கையிழப்பு தொடர்ந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம்.

மாறன்: அந்த மனச்சோர்வைக் குணப்படுத்தினால் ஆயுள் கூடுமா என்பதுதான் என் கேள்வி, அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

கயல்: இன்று மாலை சித்தியிடம் பேசுகிறேன். நேற்றிலிருந்து விரல் நுனிகள் மரத்திருப்பதை மருத்துவரிடமும் சொல்லிவிடுகிறேன்.