பின்கழுத்தில் கோடு போடணுமா, இறக்கி விடணுமா? குட்டை முடிக்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கட்டபெட்டு தம்பி

சலூன்ல உட்கார்ந்ததும் கடைசியில வர்ற கேள்வி இதுதான்: "பின்னாடி கோடு போட்டு விடவா, இறக்கி விடவா?" எனக்கு எதுன்னு சொல்லத் தெரியல. விவரம் கொடுக்கிறேன். பின்பக்கம் 3-ம் நம்பர் மெஷின். கழுத்து குட்டை, கொஞ்சம் தடிப்பு. பிடரியில இடது பக்கம் ஒரு சுழி, அங்க முடி மேல் பார்த்து வளரும். எஸ்டேட்ல வேலை, கோத்தகிரிக்கு முடி வெட்ட வர்றது அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை. மார்கழி, தை முழுக்க கம்பளி ஸ்வெட்டரும் மஃப்ளரும் கழுத்துலயே கிடக்கும். எது சரியா வரும்?

அருவங்காடு 64

தம்பி, கோடுதான் சுத்தம். கழுத்து குட்டைன்னு சொல்றீங்களே, அப்போ கோட்டை இயற்கையான முடி எல்லையில இருந்து ஒரு விரல் மேல ஏத்திப் போடச் சொல்லுங்க. தோல் அதிகமாத் தெரியும், கழுத்து நீளமா இருக்கும். ஆனா கீழ பிளேடு போட விடாதீங்க. பிளேடு பட்டா முடி தடிச்சு வளரும்.

குன்னூர் சீப்பு

நாற்காலிக்குப் பின்னாடி நின்னு வெட்டுறவன்ங்கிற முறையில எழுதுறேன். அருவங்காடு அண்ணன் சொன்னதுல பாதி சரி. கோட்டை ஏத்தினா வெட்டின அன்னைக்குக் கழுத்து நீளமாத் தெரியும், அதுல சந்தேகமில்ல. ஆனா முடி எல்லை கோட்டுக்குக் கீழ ஒரு விரல் தூரத்துல இருக்கு. அந்த இடைவெளி முழுக்க உயிருள்ள முடி. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கிட்ட முடி வளரும். பத்து நாள்ல கோட்டுக்குக் கீழ 3 மில்லிமீட்டர் முள்ளு நிக்கும், மேல அடர்த்தியா முடி நிக்கும், நடுவுல ஒரு படி தெரியும். வாராவாரம் கடைக்கு வந்து கீழ மட்டும் சுத்தம் பண்ணிக்கிறவங்களுக்கு அது பிரச்சனை இல்ல. அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை வர்றவங்களுக்கு மூணரை வாரம் அலங்கோலம்.

இன்னொண்ணு, கோடு குறுக்கா ஓடுது. குறுக்கா ஓடுற எதுவும் அகலத்தைத்தான் காட்டும். மெலிஞ்ச, நீளமான கழுத்துக்கு அது நல்லது, கழுத்துக்கு ஒரு பலம் வந்த மாதிரி இருக்கும். தடிச்ச கழுத்துல அதே கோடு இன்னும் தடிப்பாக் காட்டும். இறக்கி விட்டா முடி கொஞ்சம் கொஞ்சமாத் தோல்ல கரையும், கண்ணு ஒரு இடத்துல நிக்காம கீழ இறங்கிடும்.

பிளேடு பட்டா முடி தடிக்கும்ங்கிறது மட்டும் சரியில்ல. இயற்கையா நுனி மெலிஞ்சு இருக்கும். வெட்டின நுனி மொட்டையா இருக்கும். அதனால கை வச்சா சொரசொரன்னு படும். வேர்ல எதுவும் மாறுறதில்ல. பிளேடு வேண்டாம்ங்கிறதுக்கு வேற காரணம் இருக்கு, மஃப்ளர் விஷயத்துக்கு வரும்போது சொல்றேன்.

ஊட்டி மார்க்கெட் பக்கம்

இறக்கி விடுறது, அதாவது டேப்பர்னா காது ஓரம் மேல வரைக்கும் தோல் தெரியிற மாதிரி வெட்டுறாங்களே அதுதானே? எங்க ஆபீஸ்ல அதுக்கு முகம் சுளிப்பாங்க. அதனால நான் கோடுதான் சொல்லிட்டு வர்றேன்.

குன்னூர் சீப்பு

இல்லங்க, நீங்க சொல்றது ஃபேட். அது பக்கவாட்டுல உயரமா ஏறும். தம்பி கேக்கிறது பிடரி ஓரம் மட்டும். ரெண்டு விரல் உயரத்துக்குள்ள முடியுற வேலை. கிருதாவையும் காது ஓரத்தையும் தொடவே வேண்டாம். முன்னாடி நிக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. சலூன்ல "டேப்பர்"னு ஒரே வார்த்தை சொன்னா சில பேர் ஃபேட் போட்டு விட்டுடுவாங்க. "கீழ மட்டும் ரெண்டு விரல் இறக்கி விடுங்க, பக்கத்தைத் தொட வேண்டாம்"னு சொல்லுங்க.

வெலிங்டன் ஓய்வு

எங்க வெலிங்டன்ல ரெஜிமென்ட் பையன்களைப் பார்த்தாலே தெரியுமே, பின்னாடி ஒட்ட வெட்டி இறக்கித்தான் இருக்கும். கோடு போட்டா கொஞ்ச நாள்லயே ஒழுங்கு கெட்டுடும். குன்னூர் தம்பி சொல்றது சரி. ஆனா சுழி இருக்கிற இடத்துல இறக்கி விட்டா கருப்பா ஒரு திட்டு நிக்குமே, அதுக்கு என்ன பண்றது?

குன்னூர் சீப்பு

அதுதான் இதுல கஷ்டமான இடம். தம்பியோட தலையை வச்சே படிப்படியா எழுதுறேன், சலூன்ல காட்டிக் கேக்கலாம்.

முதல்ல தலையை நேரா வச்சு, சீப்பால பிடரி முடியைக் கீழ வாரிப் பார்க்கணும். இயற்கையான எல்லை எங்க, சுழி எந்தப் பக்கம் திரும்புதுன்னு அப்பத்தான் தெரியும். தலை முழுக்க பின்பக்கம் 3-ம் நம்பர், அதாவது கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர். அப்புறம் 2-ம் நம்பர் மாட்டி, எல்லையில இருந்து ரெண்டு விரல் உயரம். அங்க மெஷினை நேரா மேல தள்ளிட்டுப் போகக்கூடாது. தலை வளைஞ்சு வெளிய வர்ற இடத்துல கையை வெளிப்பக்கம் எடுத்துடணும், கரண்டியால அள்ளுற மாதிரி. அப்படி எடுக்காம தள்ளினாத்தான் படி விழும். அடுத்து 1-ம் நம்பர், ஒரே விரல் உயரம், அதே மாதிரி வெளிய எடுக்கணும். 1-க்கும் 2-க்கும் நடுவுல நிழல் தெரிஞ்சா, 1-ம் நம்பர் சீப்பை அப்படியே வச்சுட்டு மெஷின் பக்கத்துல இருக்கிற லீவரைத் திறந்து அந்த இடத்தை மட்டும் தட்டி விட்டாப் போதும்.

இப்போ சுழி. மெஷின் எப்பவும் முடி வளர்ற திசைக்கு எதிரா போனாத்தான் சரியா வெட்டும். பிடரியில பெரும்பாலும் முடி கீழ பார்த்து வளரும், அதனால கீழ இருந்து மேல போறோம். தம்பியோட இடது சுழியில முடி மேல பார்த்து நிக்குது. அங்கேயும் மேல் நோக்கி ஓட்டினா மெஷின் முடி வளர்ற வாக்கிலேயே போகும், முடி படுத்துக்கும், நீளமா மிஞ்சும். அதுதான் ஐயா சொன்ன கருப்புத் திட்டு. இதைப் பார்த்துட்டு சில பேர் நம்பரைக் குறைச்சு அழுத்துவாங்க. உடனே அங்க ஒரு பள்ளம் விழுந்துடும், சுத்தி இருக்கிற முடியெல்லாம் அதுக்குச் சமமா இறக்க வேண்டியதாயிடும். நம்பரை மாத்தாதீங்க. அதே சீப்போட மெஷினைத் திருப்பி, மேல இருந்து கீழ ஒரு தடவை, பக்கவாட்டுல ஒரு தடவை ஓட்டுங்க. திட்டு அடங்கிடும்.

கடைசியா ட்ரிம்மர். எல்லைக்குக் கீழ தனியாத் திரியிற பூனை முடியை மட்டும் எடுக்கணும். எல்லையைத் தொட்டா இறக்கி விட்டது வீண், அங்க ஒரு கோடு பிறந்துடும்.

லவ்டேல் ரோடு

பாய் கட் வச்சிருக்கிற பெண்களுக்கும் இதே வழிதானா? என் பொண்ணுக்குப் பிடரியில ரெண்டு பக்கமும் மெல்லிசா வால் மாதிரி முடி இறங்கும். மெஷின் வச்சு நேரா கோடு போட்டு விட்டாங்க, பின்னாடி தொப்பி கவுத்த மாதிரி இருக்கு.

குன்னூர் சீப்பு

அக்கா, அந்த வால் முடிக்கு மெஷினே வேண்டாம். வளர்ற வரைக்கும் மூணு நாலு வாரம் விடுங்க. அப்புறம் கத்தரியை நிமிர்த்திப் பிடிச்சு நுனியில மட்டும் சின்னச் சின்னதாக் கொத்தி விடச் சொல்லுங்க. நேர் வெட்டு வெட்டினா மறுபடி தொப்பிதான்.

அருவங்காடு 64

பிளேடு விஷயத்தை ஒத்துக்கிறேன். ஆனாலும் எனக்குக் கழுத்து ஒல்லி, கோடுதான் பொருந்துது. அதுவும் சில சமயம் கோணலா வருது. கடைக்காரர் கைக் கோளாறா?

குன்னூர் சீப்பு

கையா இருக்கலாம். அதை விட அதிகமா, தலையைக் குனிய வச்சுக் கோடு போடுறதுதான் காரணம். குனிஞ்சா பிடரித் தோல் இழுபடும். நிமிர்ந்ததும் தோல் சுருங்கி, நேரா போட்ட கோடு வளைஞ்சு நிக்கும். நிமிர்ந்து, கண்ணாடியில உங்க கண்ணையே பார்த்துட்டு உட்காருங்க. கோடு நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போகணும். ஒரு ஓரத்துல தொடங்கினா மறு ஓரம் ஏறியோ இறங்கியோதான் முடியும்.

நம்ம மலையில இன்னொரு காரணம் உண்டு. குளிர்காலத்துல சில்லுன்னு இரும்பு பிடரியில பட்டதும் தோள் தானா மேல ஏறும். கழுத்துல மடிப்பு விழும். அந்த நேரத்துல போடுற கோடு கண்டிப்பா கோணும். வெந்நீர்ல பிழிஞ்ச துண்டை அரை நிமிஷம் பிடரியில வச்சுட்டு, மெஷின் பிளேடையும் உள்ளங்கையில கொஞ்சம் சூடு பண்ணிட்டு ஆரம்பிச்சா தோள் இறங்கி இருக்கும்.

கோட்டை இயற்கை எல்லையோட கீழ் ஓரத்துலயே வைங்க. மூலைகளைக் கூர்மையா விடாம லேசா உருட்டச் சொல்லுங்க, வளரும்போது மூலை துருத்தாது.

கட்டபெட்டு தம்பி

அண்ணா, மஃப்ளர் பத்திச் சொல்றேன்னீங்க. எனக்குப் பிடரியில சின்னச் சின்னதா சிவப்பாப் பொரி வருது. அரிப்பும் இருக்கு. கோடு போட்டு கீழ சேவ் பண்ணின ரெண்டாம் நாள் ஆரம்பிக்கும்.

குன்னூர் சீப்பு

பிளேடு வேண்டாம்னதுக்குக் காரணமே அதுதான். ஒட்ட மழிச்ச முடி தோலுக்கு அடியில கூராப் போய் நிக்கும். வளரும்போது சிலது வெளிய வராம உள்ளேயே வளைஞ்சு குத்தும், சுருட்டை முடிக்காரங்களுக்கு அதிகமா வரும். மேல கம்பளி நாள் முழுக்க உரசினா எரிச்சல் கூடும். இறக்கி விடும்போது அங்க மழிக்க வேண்டியதே இல்ல. சீப்பு மாட்டாத மெஷின் போதும், அரை மில்லிமீட்டர் முள்ளு தோலுக்கு வெளிய நிக்கும். மஃப்ளருக்கு உள்ள பருத்தித் துணி ஒண்ணு சுத்திக்குங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை மஃப்ளரைத் துவைச்சுப் போடுங்க. பொரி கெட்டியாகி, உருண்டையா நின்னு போகாம இருந்தா சலூன்ல எதுவும் பண்ண விடாதீங்க, தோல் டாக்டரைப் பார்த்துடுங்க. தழும்பாத் தடிச்சுட்டா குறைக்கிறது கஷ்டம்.

உங்க கணக்குக்கு இறக்கி விடுறதுதான். அஞ்சாவது வாரம் கீழ 1-ம் நம்பர் போட்ட இடம் ஒன்றரை சென்டிமீட்டர் கிட்ட இருக்கும், மேலேயும் அதே அளவு வளர்ந்திருக்கும், அதனால உருவம் மாறாது.

வெலிங்டன் ஓய்வு

சுழியை மெஷின்ல எடுக்கிறதை விட, சீப்பு வச்சுக் கத்தரியால எடுக்கிறது மேல்னு நான் நினைக்கிறேன். கொஞ்சம் நீளம் விட்டா முடி தன் கனத்துல படியும். ஒட்ட வெட்டினா முள்ளு மாதிரி நிக்கும்.

குன்னூர் சீப்பு

ஐயா சொல்றது நீளமான முடியில கண்டிப்பா உண்மை. 3-ம் நம்பர் தலையில படியிற அளவுக்குக் கனம் வராதுன்னு எனக்குத் தோணுது. ஆனா சில சுழி 1-ம் நம்பர்ல கூட அடங்குறதில்ல, அதையும் பார்த்திருக்கேன். தம்பி, முதல் தடவை சுழியில மட்டும் 2-லயே நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டு வாரம் கழிச்சு பின்பக்கம் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துட்டு சொல்றேன்.