வலி மாத்திரையும் சனிக்கிழமை விருந்தும்

குழு: மேலத்தெரு சொந்தங்கள்

சனி

செந்தில் (5:42): கவிதா அக்கா, ஒரு சந்தேகம். கால் பிசகியதற்கு டாக்டர் இபுப்ரோஃபென் 400 கொடுத்திருக்கிறார், ஒரு நாளைக்கு மூன்று. இன்று ராத்திரி நண்பன் வீட்டில் விருந்து. மதியம் 2 மணிக்கு ஒன்று போட்டேன். 8 மணிக்கு மேல் குடித்தால் பரவாயில்லையா?

ரவி மாமா (5:45): ஒன்றும் ஆகாதுடா. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடி. படுக்கும்போது இரண்டு ஸ்பூன் ஜெலுசில் குடித்தால் வயிறு கல்லு மாதிரி இருக்கும்.

வசந்தி சித்தி (5:47): குடித்துவிட்டு மாத்திரை போட்டால் கல்லீரல் போய்விடும் என்று டிவியில் சொன்னார்களே.

கவிதா (6:10): இப்போதுதான் டியூட்டி முடிந்தது. சித்தி, கல்லீரல் பயம் பாராசிட்டமாலுக்கு. இது வயிற்றுக்கு. வலியைக் கிளப்புகிற ஒரு பொருள் உடம்பில் சுரக்கும், அதைத்தான் இந்த மாத்திரை நிறுத்துகிறது. ஆனால் வயிற்றின் உள்சுவரில் இருக்கும் வழவழப்புப் பூச்சைக் காப்பதும் அதே பொருள்தான். பூச்சு மெலிந்த இடத்தில் சாராயம் போனால் நேராகப் புண்ணில் ஊற்றியது மாதிரி.

கவிதா (6:12): மாமா, சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையும், உண்மைதான். ஆனால் மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் பூச்சைக் கெடுக்கிறது. அதனால் சோறு தடுக்காது, ஜெலுசில் தடுக்காது. ஊசியாகப் போட்டாலும் இதே கதை.

செந்தில் (6:14): அப்போது எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும்?

கவிதா (6:19): அதற்கு எனக்குத் தெரிந்து நிச்சயமான கணக்கு கிடையாது தம்பி. மருந்து ரத்தத்திலிருந்து சீக்கிரம் போய்விடும், மூன்று நாளாகப் போட்டதில் மெலிந்த பூச்சு சீக்கிரம் வளராது. ஒரே ஒரு பீர் குடித்த எல்லோருக்கும் ரத்தம் வரும் என்றும் சொல்ல மாட்டேன். தினம் குடிப்பவர், அறுபது தாண்டியவர், முன்னால் அல்சர் இருந்தவர், இவர்களுக்குத்தான் அதிகம். நீ மாத்திரை முடியும்வரை சும்மா இரு.

செந்தில் (6:20): ஐந்து நாள் கோர்ஸ் அக்கா 😩

ரவி மாமா (6:31): நான் வருடக்கணக்காக ஆஸ்பிரின் 75 போடுகிறேன். சாயந்திரம் இரண்டு பெக்கும் உண்டு. எனக்கு என்ன ஆனது? அந்த மாத்திரை வயிற்றில் கரையாது, மேலே பூச்சு போட்டது.

கவிதா (6:33): அந்தப் பூச்சும் முழுக் காவல் இல்லை மாமா. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களையும் செயலிழக்க வைக்கும், புதிய அணுக்கள் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். சின்னக் கீறல்கூட ஒழுகிக்கொண்டே இருக்கும். வேறு ஏதாவது வலி மாத்திரை போடுகிறீர்களா?

செல்வி அத்தை (6:36): சொல்ல மாட்டார். முதுகுவலி என்று பத்து நாளாக மெடிக்கலில் வாங்கிப் போடுகிறார். அட்டையில் டைக்ளோஃபெனாக் 50 என்று இருக்கிறது.

கவிதா (6:37): மாமா, வெளிக்கு எப்படிப் போகிறது? நிறம்?

ரவி மாமா (6:44): இதையெல்லாம் குழுவில் கேட்பாயா! நேற்றிலிருந்து கொஞ்சம் கறுப்பு. முந்தாநாள் கத்திரிக்காய்க் குழம்பு.

வசந்தி சித்தி (6:45): எனக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் கறுப்பாகத்தான் போகும். அது சாதாரணம்.

கவிதா (6:46): சித்தி, அது கறுப்பாக இருந்தாலும் சாதாரணமாகத்தான் போகும். மாமா, ரோடு போடுகிற தார் மாதிரி பளபளவென்று ஒட்டுகிறதா, தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லையா, வழக்கத்துக்கு மாறான நாற்றமா?

ரவி மாமா (6:49): ஆமாம். எழுந்தால் தலையும் சுற்றுகிறது. வயிற்றுவலி சுத்தமாக இல்லையே?

கவிதா (6:50): வலி மாத்திரை போட்டவருக்கு வலி எப்படித் தெரியும்? உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இப்போது ஒன்றும் சாப்பிடாதீர்கள், எண்டோஸ்கோபி பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்கள். பெக் கணக்கை மறைக்காதீர்கள். செந்தில், காரை எடு. மாமா ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது.

செந்தில் (6:51): கிளம்பிவிட்டேன்.

சனி இரவு

செந்தில் (9:20): ஹீமோகுளோபின் 11.4. பரவாயில்லைதானே, வீட்டுக்குக் கூட்டி வரலாமா? மாமா அடம்பிடிக்கிறார்.

கவிதா (9:22): வேண்டாம். ரத்தம் போன உடனே அந்த எண் குறையாது. ஒரு குடம் பாலில் பாதியைக் கொட்டினால் மீதிப் பால் அதே கெட்டிதானே. உடம்பு தண்ணீரை இழுத்து நிரப்பிய பிறகுதான் நீர்த்துப்போவது தெரியும். நாடித்துடிப்பு எவ்வளவு?

செந்தில் (9:25): 112.

கவிதா (9:25): துடிப்பு வேகமாக இருக்கிறது. இருக்கட்டும் அங்கேயே.

ஞாயிறு

செல்வி அத்தை (8:05): காலையில் 8.6 ஆகிவிட்டது கவி. குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதில் ரத்தம் கசிந்திருக்கிறது. கிளிப் போட்டுவிட்டார்கள்.

வசந்தி சித்தி (8:09): முருகா! ஆஸ்பிரினைத் தூக்கி எறியச் சொல்லுங்கள்.

கவிதா (8:15): அவசரப்படாதீர்கள். மாமாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது. ஆஸ்பிரினை நாமாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். எப்போது திரும்பத் தொடங்குவது என்று இதய டாக்டரும் வயிற்று டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். தொடங்கினால் கூடவே பான்டாபிரசோல் கொடுப்பார்கள், ஜெலுசில் இல்லை. டைக்ளோஃபெனாக் இனி கூடாது.

செல்வி அத்தை (8:17): முதுகுவலிக்கு என்ன செய்வது?

கவிதா (8:21): பாராசிட்டமால் கேட்டுப் பாருங்கள். ஆனால் குடிக்கிற கணக்கைச் சொல்லித்தான் அளவு கேட்க வேண்டும், அங்கேதான் சித்தி சொன்ன கல்லீரல் வரும்.

ரவி மாமா (11:40): ஒரு பெக் மட்டும் என்றால்?

செல்வி அத்தை (11:40): போனைப் பிடுங்கிவிட்டேன்.