10% இன்க்ரிமென்ட் என்றார்கள், கையில் 4.68% தான் கூடியிருக்கிறது. கணக்கு சரியா?

பாளைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் 8 வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டு ஜூலை 2024 முதல் 10% உயர்வு என்று லெட்டர் கொடுத்தார். என் கிராஸ் 24,000, அதனால் 2,400 கூடும் என்று நினைத்து வீட்டில் 2,000 ரூபாய் சீட்டு ஒன்று சேர்ந்துவிட்டோம். இன்றைக்கு ஸ்லிப் வந்தது.

ஜூன்: பேசிக் 12,000, எச்.ஆர்.ஏ 4,800, ஸ்பெஷல் அலவன்ஸ் 7,200. பி.எஃப் பிடித்தம் 1,440. கையில் 22,560.

ஜூலை: பேசிக் 13,200, மற்ற இரண்டும் அதே தொகை. கிராஸ் 25,200. பி.எஃப் 1,584. கையில் 23,616.

கூடியது வெறும் 1,056 ரூபாய். தொழில் வரி செப்டம்பரில்தான் பிடிப்பார்கள், வேறு பிடித்தம் கிடையாது. பேசிக்கில் மட்டும் 10% போட்டிருக்கிறார்கள் என்பது வரை புரிகிறது. எனக்கு இரண்டு கேள்வி. பேசிக்கில் மட்டும் போடலாமா? கிராஸ் 5% ஏறியிருக்கும்போது கையில் வருவது ஏன் அந்த 5% கூட ஏறவில்லை?

சந்திப்பு ராஜா:

தம்பி, பி.எஃப் அதிகபட்சம் 1,800 தான், அதனால் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது இதில் வராது. உன் ஸ்லிப்பில் தப்பு எச்.ஆர்.ஏ-வில் இருக்கிறது. பேசிக் ஏறினால் எச்.ஆர்.ஏ தானாக ஏறணும். 4,800 என்பது 12,000-க்குச் சரியாக 40%. அதை மாற்றாமல் விட்டது எச்.ஆர் ஆபீஸின் தப்பு. உடனே போய்க் கேள்.

மேலப்பாளையம் ஆசிரியர்:

எங்களுக்கு எப்போதுமே பேசிக்கில்தான் இன்க்ரிமென்ட் தம்பி, வருஷத்துக்கு 3%. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லையே, 10% என்றால் நல்ல உயர்வுதான்.

சம்பளக்கணக்கு அக்கா:

நான் 14 வருஷமாக பே ரோல் போடுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆசிரியர் ஐயா, உங்கள் கணக்கும் இந்தத் தம்பி கணக்கும் வேறு. உங்களுக்கு டி.ஏ உண்டு, அது பேசிக் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பேசிக் 3% ஏறினால் டி.ஏ-வும் அதே 3% ஏறும். அதனால் சம்பளத்தின் பெரும்பகுதி சேர்ந்து நகர்கிறது. இவருக்கு டி.ஏ-வே கிடையாது. பேசிக் கிராஸில் பாதி, மற்ற பாதி அசையாமல் நிற்கிறது. பாதிக்கு 10% என்றால் முழுசுக்கு 5% தான்.

இனி அந்த 5% ஏன் 4.68% ஆனது என்று பாருங்கள். பி.எஃப் கிராஸைப் பார்த்துப் பிடிப்பதில்லை, பேசிக்கில் 12% பிடிக்கிறார்கள். உங்களுக்குக் கூடிய 1,200 முழுக்கப் பேசிக்கில் விழுந்திருக்கிறது, அதனால் அந்த 1,200-க்கும் 12% வெட்டு, 144 ரூபாய். பழைய சம்பளத்தில் கிராஸுக்கு 6% தான் பி.எஃப் போனது (24,000-க்கு 1,440), புதிதாக வந்த பணத்துக்கு மட்டும் 12% போகிறது. அந்த வித்தியாசம்தான் உங்கள் கண்ணில் பட்டது. ராஜா அண்ணாச்சி சொன்ன 1,800 சரிதான், ஆனால் அது 15,000 பேசிக்குக்கு வரும் பிடித்தம். அதற்குக் கீழே இருக்கும்வரை பேசிக் ஏற ஏற பிடித்தமும் ஏறும். 13,200 அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது.

கிராஸில் 10% கொடுத்திருந்தால்கூட எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கைக்கு வருவது மாறும். மூன்று இனத்திலும் சமமாக 10% ஏற்றினால் கையில் 24,816 வரும், அதுவும் சரியாக 10% கூடும். 2,400-ஐயும் பேசிக்கில் போட்டால் பி.எஃப் 1,728 ஆகி, கையில் 24,672, அதாவது 9.36%. முழுசையும் ஸ்பெஷல் அலவன்ஸில் போட்டால் 24,960, 10.64%. கடைசியில் சொன்னது கைக்கு நல்லதுபோலத் தெரியும், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் அலவன்ஸை பி.எஃப்-பிலிருந்து ஒதுக்கி வைக்கக் கூடாது என்று பிப்ரவரி 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பேசிக்கில் போடலாமா என்ற கேள்விக்கு, தனியார் வேலையில் இன்க்ரிமென்ட்டை எதன்மேல் கணக்கிட வேண்டும் என்று சட்டத்தில் கிடையாது. உங்கள் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறது? அந்த வரியை அப்படியே போடுங்கள்.

பாளைக்காரன்:

ரொம்ப நன்றி அக்கா, அந்த 6-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் பிடிபட்டது. லெட்டரில் "தங்கள் சம்பளம் 10% உயர்த்தப்படுகிறது" என்று மட்டும் இருக்கிறது. பேசிக், கிராஸ் எதுவும் சொல்லவில்லை. அந்த 144 ரூபாய் வீண்தானா?

சம்பளக்கணக்கு அக்கா:

வீண் இல்லை. உங்கள் 144-க்கு நிறுவனமும் 144 போட வேண்டும். மாதம் 288 உங்கள் பேரில் சேர்கிறது, அதில் நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும். உங்கள் ஆபீஸில் கம்பெனி செலவையும் சேர்த்து சி.டி.சி என்று ஒரு தாள் கொடுத்திருந்தால், அந்த 144 அதற்குள் அடங்கியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டியும் கடைசிப் பேசிக்கை வைத்துத்தான், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுத்து. 1,200 கூடியதால் வருஷத்துக்கு சுமார் 692 ரூபாய், நீங்கள் ஏற்கனவே முடித்த 8 வருஷத்துக்கும் சேர்த்து 5,538 கூடிவிட்டது. பேசிக்கில் ஏறுவதில் உள்ள நன்மை இது. ஆனால் சீட்டுக்கு மாதம் 2,000 கட்ட இது உதவாது, அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

அப்புறம், ராஜா அண்ணாச்சியின் எச்.ஆர்.ஏ விஷயத்தை விட்டுவிடாதீர்கள். தானாக ஏறணும் என்று விதி எதுவும் கிடையாது, ஆனால் சேர்ந்தபோது கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எச்.ஆர்.ஏ ரூபாயில் எழுதியிருக்கிறதா, சதவீதத்தில் எழுதியிருக்கிறதா?

பாளைக்காரன்:

அக்கா, அலமாரியில் ரேஷன் கார்டு கவருக்குள் அந்த ஆர்டர் கிடந்தது. இரண்டாம் பக்கத்தில் "வீட்டு வாடகைப் படி: அடிப்படைச் சம்பளத்தில் 40%" என்று தெளிவாக இருக்கிறது!

சந்திப்பு ராஜா:

நான் அப்பவே சொன்னேன் தம்பி. 13,200-க்கு 40% 5,280. மாதம் 480 உனக்குக் குறைச்சலாகப் போட்டிருக்கிறான்.

சம்பளக்கணக்கு அக்கா:

அண்ணாச்சி இதில் சரி. அப்படிப் போட்டால் கிராஸ் 25,680, எச்.ஆர்.ஏ-வுக்கு பி.எஃப் கிடையாது, கையில் 24,096. கூடுவது 1,536, அதாவது 6.81%. நடுவில் எச்.ஆர்.ஏ-வை நிலையான தொகையாக்கி நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள், அது இருந்தால் வாதம் மாறிவிடும். சண்டையாகப் போகாதீர்கள். ஆர்டரின் இரண்டாம் பக்கம், ஜூன் ஸ்லிப், ஜூலை ஸ்லிப் மூன்றையும் சேர்த்து மெயில் அனுப்புங்கள், "எச்.ஆர்.ஏ திருத்தப்படவில்லை" என்று ஒரே வரி போதும். கிராஸில் 10% கேட்பதைத் தனியாகப் பேசுங்கள், இரண்டையும் கலந்தால் இரண்டும் தள்ளிப்போகும்.

பாளைக்காரன்:

2021-ல் ஏதோ ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள், என்னிடம் நகல் இல்லை. மெயில் அனுப்பிவிட்டேன். மதுரை ஆபீஸில் கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. வந்ததும் இங்கே எழுதுகிறேன். சீட்டை இந்த மாதம் எப்படியோ கட்டிவிட்டோம்.